இருபுறமும் கரையும் அலுமினியம் ஹைட்ராக்சைடு: எவ்வளவு, எப்போது, எதுவரை?

அலுமினியம் உப்புக் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் கூழ் போன்ற வெண்ணிற வீழ்படிவு உண்டாகும். மேலும் சேர்த்தால் அந்த வீழ்படிவு கரைந்து கரைசல் தெளிந்துவிடும். அதே வீழ்படிவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டாலும் கரையும். ஆகவே அலுமினியம் ஹைட்ராக்சைடு ஈரியல்பு உடையது. மேல்நிலைப் பள்ளி வேதியியலில் இந்தச் செய்தி இவ்வளவோடு முடிகிறது. இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஆய்வகத்தில் கை வைத்தவுடன் எழும் மூன்று கேள்விகளுக்கு இதில் விடை கிடைக்காது. மிகுதியான காரம் என்றால் எவ்வளவு மிகுதி? கரைந்த பிறகு அலுமினியம் எந்த வடிவில் இருக்கிறது? எல்லா அலுமினியம் ஹைட்ராக்சைடும் ஒரே மாதிரி கரையுமா? மூன்றாவது கேள்விதான் இவற்றில் முக்கியமானது, பாடநூல்கள் பெரும்பாலும் தொடாததும் அதுவே என்பது என் கருத்து. முதல் இரண்டின் வழியாகத்தான் அதை அடைய முடியும்.

முதலில் காரணத்தைப் பார்த்துவிடலாம். உலோகம், ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்று வரிசையாக நிற்கும் ஒரு பிணைப்பில் இரண்டு இடங்களில் முறிவு நிகழலாம். உலோகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையில் முறிந்தால் ஹைட்ராக்சைடு அயனி வெளியேறுகிறது. பொருள் காரமாக நடக்கிறது. ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையில் முறிந்தால் புரோட்டான் வெளியேறுகிறது. பொருள் அமிலமாக நடக்கிறது. எங்கே முறியும் என்பதை உலோக அயனியின் மின்சுமையும் பருமனும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சோடியம் அயனியின் ஆரம் ஏறத்தாழ 0.102 நானோமீட்டர், மின்சுமை ஒன்று. ஆக்சிஜனை அது வலுவாகப் பற்றுவதில்லை, எனவே அதன் ஹைட்ராக்சைடு காரம் மட்டுமே. அலுமினியம் அயனியின் ஆரம் இதில் பாதியளவு, 0.0535 நானோமீட்டர், மின்சுமையோ மூன்று. ஆக்சிஜனின் எலக்ட்ரான்களை அது தன் பக்கம் வலுவாக இழுப்பதால் அந்த ஆக்சிஜனோடு இணைந்த ஹைட்ரஜன் தளர்ந்துவிடுகிறது. இன்னும் சிறிய போரானில் இந்த இழுப்பு எல்லை கடந்துவிட, அதன் ஹைட்ராக்சைடு வலுக்குறைந்த அமிலமாகவே அறியப்படுகிறது. அலுமினியம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

இதற்குக் கண்ணால் காணத்தக்க சான்று உண்டு. அலுமினியம் குளோரைடை நீரில் கரைத்து நீலலிட்மஸ் தாளை நனைத்தால் அது சிவக்கும். ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த அலுமினியம் அயனி, தன்னைச் சுற்றியுள்ள நீரிலிருந்தே ஒரு புரோட்டானை விடுவிக்கிறது. அதன் அமில வலிமை எண் ஏறத்தாழ 5. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்துக்கு அது 4.76. ஓர் உலோக அயனியின் அமிலத்தன்மை வினிகர் அமிலத்துக்கு இவ்வளவு அருகில் வருகிறது என்பதை நினைவில் கொண்டால் பின்னால் நடப்பது எதுவும் புதிராகத் தோன்றாது. காரம் சேர்க்கச் சேர்க்க இந்த அயனி புரோட்டான்களை ஒவ்வொன்றாக இழக்கிறது. மூன்றை இழந்தபோது மின்சுமை தீர்ந்து, ஒன்றையொன்று விலக்கும் காரணம் இல்லாமல் துகள்கள் திரண்டு வீழ்கின்றன. அதற்கும் மேல் ஹைட்ராக்சைடு கிடைத்தால் எதிர்மின்சுமை ஏறி, மறுபடி கரைகிறது.

```
Al(OH)3 + 3H+  →  Al3+ + 3H2O
Al(OH)3 + OH-  →  [Al(OH)4]-
```

இந்த இரண்டு சமன்பாடுகளையும் எழுதாத வேதியியல் மாணவர் இல்லை. ஆனால் இவற்றில் உள்ள ஒரு வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. அமிலப் பக்கத்தில் மூன்று அயனிகள் செலவாகின்றன, காரப் பக்கத்தில் ஒன்று மட்டும். எனவே இருபுறமும் கரைகிறது என்றாலும் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் கரைதிறன் ஏறுவதில்லை. கரைசலின் pH ஓர் அலகு குறைந்தால் கரைந்திருக்கக்கூடிய அலுமினியம் அயனியின் செறிவு ஆயிரம் மடங்கு கூடுகிறது. pH ஓர் அலகு கூடினால் அலுமினேட் அயனியின் செறிவு பத்து மடங்குதான் கூடுகிறது. அமிலப் பக்கம் செங்குத்தான சரிவு, காரப் பக்கம் மெல்லிய சரிவு. இரண்டும் சந்திக்கும் இடம், அதாவது மிகக் குறைவாகக் கரையும் இடம், pH 6 அல்லது அதைச் சற்று ஒட்டி அமைகிறது. நடுநிலையான 7 என்று பலர் எதிர்பார்ப்பார்கள். உண்மையில் அது சற்றே அமிலப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது.

இதை எண்களில் பார்ப்போம். அறை வெப்பநிலையில் புதிதாக வீழ்ந்த ஹைட்ராக்சைடை எடுத்துக்கொண்டால், pH 4 இல் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 0.06 மோல் அலுமினியம் அயனி கரைந்திருக்க முடியும். pH 5 இல் அது ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. காரப் பக்கத்தில் அதே 0.06 மோலை எட்ட pH 11 வரை ஏற வேண்டும்; pH 10 இல் 0.006, pH 9 இல் 0.0006.

இப்போது ஒரு சோதனைக்குழாய்க் கணக்கு. 0.1 மோலார் அலுமினியம் குளோரைடு கரைசலில் 10 மி.லி. எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள அலுமினியம் 1 மில்லிமோல். தொடக்கத்தில் கரைசலின் pH ஏறத்தாழ 3. இதில் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்க்கிறோம். கணக்குப்படி 3 மி.லி. சேர்த்தபோது அலுமினியம் முழுவதும் வீழ்ந்திருக்க வேண்டும், 4 மி.லி. சேர்த்தபோது முழுவதும் கரைந்திருக்க வேண்டும். மாணவர்கள் தவறுவது இங்கேதான். வீழ்படிவு உச்சத்தில் இருக்கும் இடத்துக்கும் அது மறையும் இடத்துக்கும் இடையில் 1 மி.லி. மட்டுமே இருக்கிறது, ஏறக்குறைய இருபது சொட்டு. செறிந்த காரத்தைக் கவனமின்றி ஊற்றினால் வீழ்படிவையே காணாமல், கரைசல் தெளிவாக இருக்கக் கண்டு, அலுமினியம் இல்லை என்று எழுதிவிடுவார்கள். உப்புப் பகுப்பாய்வில் இந்த முடிவு அரிதான ஒன்றல்ல.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு நேரும். காரத்தை மிக மெதுவாக, நன்றாகக் கலக்கியபடி சேர்த்தால், 2 மி.லி. தாண்டிய பிறகும் கரைசல் தெளிவாகவே இருக்கக் கூடும். சொட்டு விழும் இடத்தில் வெண்மை தோன்றி, கலக்கியவுடன் மறையும். அலுமினியம் அயனிகள் நேராகத் திண்மமாக மாறாமல், முதலில் ஹைட்ராக்சைடு பாலங்களால் இணைந்து பெரிய நேர்மின் அயனிகளாகத் திரள்வதுதான் காரணம். இவற்றில் நன்கு அறியப்பட்டது பதின்மூன்று அலுமினியம் அணுக்களும் +7 மின்சுமையும் கொண்டது. நடுவில் ஓர் அலுமினியம் நான்கு ஆக்சிஜன்களோடும், சுற்றியுள்ள பன்னிரண்டும் ஆறு ஆக்சிஜன்களோடும் இணைந்த கட்டமைப்பு அது. படிகமாக அதன் அமைப்பை 1960 இல் ஸ்வீடனைச் சேர்ந்த யோகான்சன் நிறுவினார். அலுமினியம் ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை ஹைட்ராக்சைடு சேர்ந்த பின்னும் இந்த அயனி கரைசலில் நிற்கும். இரண்டே அம்புக்குறிச் சமன்பாடுகளுக்குப் பின்னால் இப்படி ஓர் இடைநிலை உலகம் இருக்கிறது. அளந்து காரம் சேர்க்கும் எவரும் இதைச் சந்தித்தே தீர வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மிகுதியான காரத்தில் கரைந்த பிறகு அங்கே இருப்பது என்ன? இதற்குக் கிடைத்த விடைகள் காலத்துக்கேற்ப மாறி வந்திருக்கின்றன. பழைய நூல்கள் சோடியம் மெட்டா அலுமினேட்டு என்று பெயரிட்டு `NaAlO2` என எழுதின. நம் பழைய பாடநூல்களிலும் இந்த வாய்பாட்டைக் காணலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சாரார் இங்கே சேர்மமே இல்லை, வீழ்படிவு கூழ்மத் துகள்களாகச் சிதறிக் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது என்று வாதிட்டனர். வீழ்படிவு கூழ் போல இருப்பதும், கரையும் எல்லை ஆய்வுக்கு ஆய்வு மாறியதும் அவர்கள் சந்தேகத்துக்கு வலுவூட்டின. பின்னர் ராமன் நிறமாலையும் அலுமினியத்தின் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வும் வந்து இந்த விவாதத்தைப் பெருமளவு தீர்த்தன. அமிலக் கரைசலில் ஆறு நீர் மூலக்கூறுகளால் சூழப்பட்ட எண்முகி அயனியின் குறியைச் சுழி என வைத்தால், காரக் கரைசலில் குறி அதிலிருந்து ஏறத்தாழ 80 அலகு தள்ளி விழுகிறது. அது நான்கு ஆக்சிஜன்களால் சூழப்பட்ட நான்முகி அலுமினியத்தின் அடையாளம். ஆகவே நீர்த்த கரைசலில் இருப்பது `[Al(OH)4]-`. செறிவு மிக அதிகமானால் இரண்டு அயனிகள் நீரை இழந்து ஒன்றாக இணைவதும் உண்டு. `NaAlO2` என்பது கரைசலை உலர்த்தி வெப்பப்படுத்திப் பெறும் திண்மத்துக்குப் பொருந்தும், கரைசலுக்குப் பொருந்தாது.

எனவே இங்கே வெறும் மின்சுமை மாற்றம் மட்டும் நிகழவில்லை. திண்மத்தில் ஒவ்வோர் அலுமினியத்தையும் ஆறு ஆக்சிஜன்கள் சூழ்ந்திருக்கின்றன. காரத்தில் கரையும்போது அது நான்காகக் குறைகிறது. மறுபடி வீழும்போது நான்கு மீண்டும் ஆறாக வேண்டும். இந்த மறுசீரமைப்பு எளிதல்ல என்பது தொழிற்சாலையில் எவ்வளவு பெரிய விளைவைத் தருகிறது என்பதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

இனி மூன்றாவது கேள்வி. மேலே சொன்ன எண்கள் எல்லாம் புதிதாக வீழ்ந்த, ஒழுங்கற்ற, நீர் நிறைந்த கூழ்படிவுக்கு உரியவை. அதை அப்படியே வைத்திருந்தால் அது மாறும். நாட்கள் செல்லச் செல்ல, சூட்டிலும் காரத்தன்மையுள்ள கரைசலிலும் இன்னும் விரைவாக, அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்குபட்டுப் படிகமாகின்றன. இயற்கையில் பாக்சைட்டில் கிடைக்கும் கிப்சைட்டு என்ற கனிமம் இந்த ஒழுங்கின் நிலைத்த வடிவம். வாய்பாடு அதே `Al(OH)3`. ஆனால் கரைதிறன் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு.

சோதனைக்குழாய்க் கணக்கையே தொடர்வோம். புதிய வீழ்படிவை முழுவதும் கரைக்க 4 மி.லி. காரம் அலுமினேட்டாக மாறுவதற்கே செலவாகிறது. அதற்கு மேல் சமநிலையைத் தாங்க எவ்வளவு மிகுதி தேவை என்று கணக்கிட்டால் 0.02 மி.லி. கூட வராது, ஒரு சொட்டுக்கும் குறைவு. அதே 1 மில்லிமோல் கிப்சைட்டுப் படிகமாக இருந்தால் 4 மி.லி.க்கு மேல் இன்னொரு 3 மி.லி. அளவு காரம் தனித்து மிஞ்சி நிற்க வேண்டும். கரைசலின் pH 13 ஐத் தாண்ட வேண்டும். அப்போதும் அறை வெப்பநிலையில் அது கரைய எடுக்கும் நேரத்துக்குப் பொறுமை வேண்டும். அமிலத்திலும் இதே மந்தம்தான். இன்னும் மேலே போய், ஹைட்ராக்சைடை 1200 பாகை செல்சியஸ் அளவில் சுட்டு நீரை முற்றிலும் நீக்கினால் கிடைக்கும் ஆக்சைடு அமிலத்திலும் கரையாது, காரக் கரைசலிலும் கரையாது. மாணிக்கக் கல்லின் அடிப்படைப் பொருள் அதுதான். அதைக் கரைசலாக்க வேண்டுமானால் பொட்டாசியம் பைசல்பேட்டோடு சேர்த்து உருக்க வேண்டும். ஆகவே ஈரியல்பு என்பது வாய்பாட்டை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடிய பண்பு அல்ல. பொருளின் வயதையும் அது பட்ட சூட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியது.

பகுப்பாய்வு செய்வோர் இந்தப் பண்பின் இரு முகத்தையும் நெடுங்காலமாக அறிந்தே கையாண்டு வந்திருக்கிறார்கள். மூன்றாம் தொகுதியில் அம்மோனியம் குளோரைடும் அம்மோனியம் ஹைட்ராக்சைடும் சேர்க்கும்போது இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றும் வீழ்கின்றன. அம்மோனியம் குளோரைடு எதற்கு? அம்மோனியாவின் காரத்தன்மையை அடக்கி pH 9 ஐ ஒட்டி நிறுத்துவதற்கு. அந்த இடத்தில் மக்னீசியம் வீழாது; அலுமினியம் பெரிதும் கரையாது. பெரிதும் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். pH 9 இலும் புதிய வீழ்படிவு சிறிதளவு கரைந்தே இருக்கும் என்பதை மேலே கண்டோம். அலுமினியத்தை எடையறிந்து அளப்பவர்கள் அதனால்தான் மீதைல் சிவப்பு நிறங்காட்டி மஞ்சளாகும் இடத்தில், pH 6.5 முதல் 7.5 வரையில், அம்மோனியாவை நிறுத்திக்கொள்கிறார்கள். இன்னும் ஒரு கை ஊற்றினால் எடை குறையும்.

அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் பிரித்தறியும் முறை இதைவிட அழகானது. இரண்டின் ஹைட்ராக்சைடுகளும் வெள்ளை, இரண்டும் மிகுதியான சோடியம் ஹைட்ராக்சைடில் கரையும். தெளிந்த கரைசலில் அம்மோனியம் குளோரைடைத் தாராளமாகச் சேர்த்துச் சூடாக்கினால் அம்மோனியம் அயனி ஹைட்ராக்சைடை விழுங்கி அம்மோனியாவாகிறது, pH இறங்குகிறது. அலுமினியம் மறுபடி கூழாகத் தோன்றும். துத்தநாகம் அந்த அம்மோனியாவோடு அணைவு அயனியாகிக் கரைசலிலேயே நின்றுவிடும். ஒன்றை இங்கே எச்சரிக்க வேண்டும். கண்ணாடிப் புட்டியில் நாள்பட்டிருந்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல், கண்ணாடியிலிருந்து சிலிக்காவையும் சிறிது அலுமினாவையும் அரித்து எடுத்திருக்கும். அதில் அம்மோனியம் குளோரைடைச் சேர்த்தாலே மெல்லிய வெண்படிவு தோன்றும். உப்பு சேர்க்காத வெறுங்கரைசலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதவர் இல்லாத அலுமினியத்தைக் கண்டுபிடிப்பார்.

குடிநீர் நிலையத்தில் படிகாரம் சேர்ப்பவர்களுக்கும் இந்த இரு சரிவுகள்தாம் வழிகாட்டி. கலங்கலைத் திரட்டி அடியில் தள்ளுவது அந்தக் கூழ்படிவே. நீர் அதிக அமிலமாக இருந்தாலும் அதிகக் காரமாக இருந்தாலும் படிவு உருவாகாமல் அலுமினியம் வடிகட்டியைத் தாண்டிக் குழாய்க்குப் போய்விடும். இந்தியத் தரம் குடிநீரில் அலுமினியத்துக்கு வைத்திருக்கும் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.03 மில்லிகிராம், வேறு நீர் இல்லாதபோது அனுமதிக்கத்தக்கது 0.2. pH 6 ஐ ஒட்டி இந்த எல்லைக்குள் நிற்பது கைகூடும். pH 9 இல் கரைந்திருக்கக்கூடியது பல மில்லிகிராம். படிகாரம் போட்ட பிறகு சுண்ணாம்பு சேர்க்கும்போது கை மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

இப்போது தொழிற்சாலைக்கு வரலாம். உலகில் உருக்கப்படும் அலுமினியத்தின் பெரும்பகுதி இந்த ஒரு சமநிலையை முன்னும் பின்னும் தள்ளியே பெறப்படுகிறது. அந்த முறையை உருவாக்கியவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் யோசப் பேயர். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் வேலை பார்த்தபோது தேடியது உலோகத்தை அல்ல. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உதவும் அலுமினியச் சேர்மத்தை. அலுமினேட் கரைசலில் முன்பே வீழ்ந்த ஹைட்ராக்சைடைச் சிறிது விதையாகப் போட்டுக் கலக்கினால், வடிகட்டிக் கழுவ எளிதான படிகங்களாக அது வீழ்வதை அவர் கண்டு 1888 இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் கார்பன் டைஆக்சைடைச் செலுத்தி வீழ்த்துவார்கள். கிடைப்பது கழுவவே முடியாத கூழ். 1892 இல் பாக்சைட்டை அழுத்தத்தில் சூடான காரத்தில் நேரடியாகக் கரைக்கும் முறையையும் அவர் சேர்த்தபோது முறை முழுமை பெற்றது.

அதில் நடப்பதை நம் சோதனைக்குழாயோடு பொருத்திப் பார்க்கலாம். பாக்சைட்டில் இருப்பது வயதான ஹைட்ராக்சைடு. அதைக் கரைக்க மிகுதியான காரமும் சூடும் வேண்டும். கிப்சைட்டு நிறைந்த தாதுவுக்கு 140 முதல் 150 பாகை போதும். நீர் குறைந்த போமைட்டு வகைக்கு 200 பாகைக்கு மேல் போக வேண்டும். இரும்பு ஆக்சைடு காரத்தில் கரையாமல் செம்மண் சேறாகத் தங்கிவிடுகிறது. இரும்பு அயனி அலுமினியத்தைவிடச் சற்றே பெரியது. அந்தச் சிறு வித்தியாசம்தான் இரண்டையும் பிரிக்கிறது. தெளிந்த கரைசலைக் குளிர்வித்தால் அது தாங்கக்கூடியதைவிட அதிக அலுமினியம் அதில் நிற்கும். ஆனாலும் தானாக வீழாது. நான்கு ஆக்சிஜன்களோடு நிற்கும் அலுமினியம் ஆறுக்கு மாறித் திண்மத்தில் அமர ஒரு தயாரான பரப்பு வேண்டும். விதைப் படிகம் அந்தப் பரப்பைத் தருகிறது. அப்படியும் பல பத்து மணி நேரம் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு சுற்றில் ஏறத்தாழப் பாதி அலுமினியமே வீழும். மீதியோடு காரம் அடுத்த தொகுதித் தாதுவுக்குத் திரும்புகிறது. அமிலம் சேர்த்தால் நொடியில் முழுவதும் வீழ்த்திவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் கிடைப்பது கூழ். காரமும் உப்பாகி வீணாகும். சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலைப் பாக்சைட்டை வைத்து மேட்டூரில் நடந்த அலுமினிய ஆலையும் இதே வழியைத்தான் பின்பற்றியது.

இந்த முறையின் பலவீனமும் அதே வேதியியலிலிருந்துதான் வருகிறது. களிமண்ணில் உள்ள சிலிக்காவும் காரத்தில் கரைந்து, சோடியத்தையும் அலுமினியத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கரையாத சிலிக்கேட்டாக வீழ்கிறது. சிலிக்கா மிகுந்த பாக்சைட்டு மலிவாகக் கிடைத்தாலும் ஆலைகள் அதைத் தவிர்ப்பது இதனால்தான். மிஞ்சும் செஞ்சேறு காரத்தில் தோய்ந்தது. 2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியில் ஐக்கா என்ற ஊரில் சேற்றுத் தேக்கத்தின் கரை உடைந்து பத்துப் பேர் இறந்தனர். உடலை வேகவைத்தது அந்தக் காரம். ஆற்றில் ஜிப்சமும் அமிலமும் கொட்டி pH ஐ இறக்க வேண்டியிருந்தது.

அலுமினியத்துக்கு மட்டும் உரிய பண்பு இல்லை இது. பெரிலியம், துத்தநாகம், ஈயம், வெள்ளீயம், குரோமியம், காலியம் ஆகியவற்றின் ஹைட்ராக்சைடுகளும் இப்படியே நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்த pH எல்லை உண்டு. குரோமியத்தின் பச்சைக் கரைசலைக் கொதிக்க வைத்தாலே மறுபடி வீழ்ந்துவிடும், அலுமினேட்டுக்கு அப்படி நேராது. வீட்டிலும் இதன் சுவடு உண்டு. அலுமினியப் பாத்திரத்தைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடுப் படலம். அது ஏறத்தாழ pH 4 க்கும் 8.5 க்கும் இடையில்தான் நிலைத்து நிற்கும். புளிக்குழம்பு ஒரு பக்கமும் சலவைச் சோடா மறுபக்கமும் அந்த எல்லையைத் தாண்டுகின்றன. அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை இரவு முழுவதும் வைக்காதிருப்பதற்கும், சோடா போட்டுத் தேய்க்காதிருப்பதற்கும் காரணம் ஒன்றே.

வேதியியல் ஆசிரியர்களுக்கும் பாடநூல் எழுதுவோருக்கும் என் வேண்டுகோள் இரண்டு. மிகுதியான காரத்தில் கரையும் என்ற வரியில் "புதிதாக வீழ்ந்த" என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துவிடுங்கள். செய்முறை வகுப்பில் சொட்டுக்குழாய்க்குப் பதிலாக ஒருமுறையாவது அளவுக்குழாயைக் கொடுத்து, 10 மி.லி. கரைசலுக்கு 3 மி.லி. காரத்தில் என்ன ஆகிறது, 4 மி.லி. காரத்தில் என்ன ஆகிறது என்று மாணவர்களையே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்குத் தேவைப்படுவது அரை மணி நேரமும் எல்லாப் பள்ளி ஆய்வகங்களிலும் இருக்கும் இரண்டு கரைசல்களும்தான்.